தாமதமாக வந்த ரீஃபண்டுக்குப் பிரிவு 244A வட்டி கோரும் திருத்த மனு

அனுப்புநர்:
செ. முத்துலட்சுமி
மதுரை
(பான் அட்டை நகல் இணைக்கப்பட்டுள்ளது)

பெறுநர்:
மேற்படி பான் எண்ணுக்கு அதிகார வரம்புள்ள மதிப்பீட்டு அலுவலர் அவர்கள்
வருமான வரித் துறை

நாள்: 9 ஜூன் 2025

பொருள்: மதிப்பீட்டு ஆண்டு 2024-25. பிரிவு 143(1) அறிவிப்பில் பிரிவு 244A வட்டி கணக்கிடப்படாமல் விடுபட்டது. வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 154-இன் கீழ் திருத்தம் செய்து வட்டியை வழங்கக் கோருதல்.

பார்வை:
1. பிரிவு 143(1) அறிவிப்பு, நாள் 14-02-2025
2. "Reprocess the return" எனும் வகையில் இணையவழியில் கொடுத்த திருத்தக் கோரிக்கை, நாள் 03-03-2025
3. அதன்மீது வந்த பிரிவு 154 உத்தரவு, நாள் 12-05-2025

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

மேற்கண்ட ஆண்டுக்கு எனக்கு வரவேண்டிய ரீஃபண்ட் அசல் ரூ.67,780 முழுமையாக வந்து சேர்ந்துவிட்டது. அதில் எனக்குக் குறையில்லை. அறிவிப்பில் "Interest u/s 244A" என்ற வரிசையில் சைபர் காட்டப்பட்டுள்ளது. அந்த ஒரு வரிசையைத் திருத்தி, ரூ.3,720 வழங்க வேண்டும் என்பதே இம்மனுவின் கோரிக்கை.

1. விவரங்கள்

நான் சம்பளம் பெறுபவர். தொழில் வருமானம் எதுவும் இல்லை. 2023-24 நிதியாண்டில் என் நிறுவனம் புதிய வரி முறையின்படி சம்பளத்தில் ரூ.1,33,120 பிடித்தது. வைப்புத்தொகை வட்டியில் வங்கி ரூ.6,000 பிடித்தது. இரண்டும் சேர்ந்து ரூ.1,39,120. நான் கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன்பே இந்தத் தொகை முழுவதும் படிவம் 26AS-இல் என் பெயரில் வரவாகியிருந்தது.

ஐடிஆர்-1 படிவத்தில் பழைய வரி முறையைத் தேர்ந்து 22-07-2024 அன்று தாக்கல் செய்தேன். அன்றே ஆதார் ஓடிபி மூலம் சரிபார்ப்பும் முடிந்தது. அந்த ஆண்டுக்கு எனக்குரிய கடைசித் தேதி 31-07-2024. தொழில் வருமானம் இல்லாதவர் பழைய முறைக்கு மாறப் படிவம் 10-IEA தேவையில்லை. உரிய தேதிக்குள் கொடுக்கும் ரிட்டர்னிலேயே தேர்ந்துகொள்ளலாம். என் தேர்வை அறிவிப்பும் அப்படியே ஏற்றுள்ளது.

அறிவிப்பில் நான் காட்டிய பத்தியும் துறை கணக்கிட்ட பத்தியும் வட்டி வரிசை தவிர எல்லா இடத்திலும் ஒன்றாகவே உள்ளன:

மொத்த வருமானம்: ரூ.7,80,500
வருமானத்தின் மீதான வரி: ரூ.68,600
4 சதவீத செஸ்: ரூ.2,744
மொத்த வரி: ரூ.71,344
டிடிஎஸ் வரவு: ரூ.1,39,120
ரீஃபண்ட்: ரூ.67,776 (பிரிவு 288B-இன்படி ரூ.67,780)
பிரிவு 244A வட்டி: ரூ.0

பணம் 20-02-2025 அன்று, முன்சரிபார்ப்பு முடிந்திருந்த என் வங்கிக் கணக்கில் முதல் முயற்சியிலேயே வரவானது.

2. வட்டி எப்படிச் சேர்கிறது

டிடிஎஸ், டிசிஎஸ், முன்கூட்டிய வரி ஆகியவற்றிலிருந்து எழும் ரீஃபண்டுக்குப் பிரிவு 244A(1)(a) பொருந்தும். ரிட்டர்ன் உரிய தேதிக்குள் வந்திருந்தால் மதிப்பீட்டு ஆண்டின் ஏப்ரல் 1 முதல் ரீஃபண்ட் வழங்கும் நாள் வரை, மாதத்துக்கு அரை சதவீதத் தனி வட்டி. ரிட்டர்ன் தாமதமாகியிருந்தால்தான் தாக்கல் செய்த நாளிலிருந்து கணக்கு தொடங்கும். எனக்கு அது பொருந்தாது. சுயமதிப்பீட்டு வரி எதுவும் நான் கட்டவில்லை. ஆகவே அதற்குரிய உட்பிரிவு (aa)-வின் தொடக்கத் தேதியும் இங்கே வராது.

விதி 119A-இன்படி மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகக் கொள்ளப்படும். அசலில் நூறு ரூபாய்க்குக் கீழான மிச்சம் விடப்படும். அதன்படி கணக்கு:

```
வட்டிக்குரிய அசல்  : 67,776 -> 67,700
காலம்             : 01-04-2024 முதல் பிப்ரவரி 2025 வரை = 11 மாதங்கள்
வட்டி             : 67,700 x 0.5% x 11 = 3,723.50
மொத்தம்           : 67,776 + 3,723.50 = 71,499.50
288B முழுமையாக்கம் : 71,500
ஏற்கெனவே வந்தது   : 67,780
நிலுவை            : 3,720
```

"வழங்கும் நாள்" என்பது அறிவிப்பின் தேதியா, வங்கியில் வரவான தேதியா என்ற கேள்வி சில வழக்குகளில் எழுவதுண்டு. இங்கே 14-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஒரே பிப்ரவரி மாதத்தில் இருப்பதால் எதை எடுத்தாலும் பதினொரு மாதம்தான்.

3. வட்டியை மறுக்கச் சட்டம் சொல்லும் காரணங்கள் எதுவும் இங்கே இல்லை

அறிவிப்பிலோ 12-05-2025 உத்தரவிலோ வட்டி ஏன் சைபர் என்பதற்குக் காரணம் சொல்லப்படவில்லை. எனவே இருக்கக்கூடிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

பத்து சதவீத வரம்பு. ரீஃபண்ட் தொகை, நிர்ணயிக்கப்பட்ட வரியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் வட்டி இல்லை. ரூ.71,344-இல் பத்து சதவீதம் ரூ.7,134. என் ரீஃபண்ட் அதைப்போல ஒன்பது மடங்குக்கும் மேல்.

தாமதம் யாருடையது என்ற கேள்வி. பிரிவு 244A(2)-இன்படி, ரீஃபண்டில் முடியும் நடவடிக்கை வரிதாரராலோ வரி பிடித்தவராலோ தாமதமானால் அந்தக் காலத்தைக் கழிக்கலாம். ரிட்டர்ன் உரிய நாளுக்குள், சரிபார்ப்பு அதே நாளில். பிரிவு 139(9)-இன் கீழ் குறைபாட்டு அறிவிப்பு வரவில்லை. பிரிவு 143(1)(a)-இன் கீழ் மாற்றம் முன்மொழிந்து பதில் கேட்கப்படவில்லை. திருத்திய ரிட்டர்ன் நான் கொடுக்கவில்லை. வங்கிக் கணக்கு சரிபார்க்கப்படாமல் பணம் திரும்பிப் போகவும் இல்லை. 22-07-2024-க்குப் பின் என் பக்கம் செய்யவேண்டியது எதுவும் பாக்கி இருக்கவில்லை.

இந்த இடத்தில் ஓர் எதிர்வாதம் எழலாம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். பழைய முறையை நான் முன்பே நிறுவனத்திடம் தெரிவித்திருந்தால் கூடுதல் டிடிஎஸ் பிடித்தே இருக்கமாட்டார்கள், எனவே ரீஃபண்ட் உருவாகக் காரணம் நானே என்பது அந்த வாதம். ரீஃபண்ட் ஏன் உருவானது என்பதை உட்பிரிவு (2) கேட்கவில்லை. ரீஃபண்டில் முடியும் நடவடிக்கை ஏன் தாமதமானது என்பதை மட்டுமே கேட்கிறது. கூடுதலாகப் பிடித்த வரிதான் உட்பிரிவு (1)(a)-வின் அடிப்படையே. அதையே வட்டி மறுக்கக் காரணமாக்கினால் டிடிஎஸ் ரீஃபண்ட் எதற்கும் வட்டி இருக்காது. மேலும், கழிக்க வேண்டிய காலம் எது என்ற கேள்வி எழுந்தால் அதை முதன்மைத் தலைமை ஆணையர், தலைமை ஆணையர், முதன்மை ஆணையர் அல்லது ஆணையர்தான் முடிவுசெய்ய வேண்டும் என்று அதே உட்பிரிவு சொல்கிறது. அப்படி ஒரு முடிவு எனக்குத் தெரிவிக்கப்படவில்லை.

பழைய நிலுவை. பிரிவு 245-இன் கீழ் எந்த ஆண்டு நிலுவையும் ஈடுகட்டப்படவில்லை; அறிவிப்பிலும் அந்த வரிசை சைபர்தான்.

4. இது பதிவேட்டிலிருந்தே தெரியும் தவறு

வோல்கார்ட் பிரதர்ஸ் வழக்கில் (1971) உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இது: நீண்ட வாதத்தால் நிறுவ வேண்டியதாக, இரு கருத்துக்கு இடமுள்ளதாக இருந்தால் அது பிரிவு 154-க்குள் வராது. இங்கே புதிய ஆவணமோ விசாரணையோ தேவையில்லை. தாக்கல் தேதி, டிடிஎஸ் தொகை, நிர்ணயித்த வரி, அறிவிப்புத் தேதி நான்கும் துறையின் பதிவிலேயே உள்ளன. மிச்சம் பெருக்கல் கணக்கு. சட்டத்தின் சொல்லும் "வட்டி பெற உரிமையுடையவர்" என்பதே. வட்டியைத் தனியாக விண்ணப்பித்துப் பெற வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. டாட்டா கெமிக்கல்ஸ் வழக்கிலும் (2014), தனக்கு உரிமையில்லாத வரிப் பணத்தை வைத்திருந்த அரசு அதை வட்டியோடு திருப்பித்தரக் கடமைப்பட்டது என்றே உச்ச நீதிமன்றம் கூறியது.

5. ஏன் நேரடியாகத் தங்களிடம்

03-03-2025 அன்று இணையதளத்தில் Services > Rectification வழியாகச் சென்று "Reprocess the return" வகையில் கோரிக்கை கொடுத்தேன். அந்த வகையில் விளக்கம் எழுத இடமில்லை. ரிட்டர்னின் எண்களும் மாறுவதில்லை. அதே எண்கள் அதே கணிப்பில் மறுபடி ஓடின. 12-05-2025 உத்தரவிலும் வட்டி சைபராகவே வந்தது. டிடிஎஸ் பொருத்தமின்மைக்கான வகையையோ ரிட்டர்ன் தரவுத் திருத்தத்தையோ தேர்ந்திருக்க முடியாது. டிடிஎஸ்ஸில் வித்தியாசம் இல்லை. ரிட்டர்னில் தவறும் இல்லை. தவறில்லாத ரிட்டர்னைத் திருத்தப் போனால் இல்லாத சிக்கல்தான் உண்டாகும்.

கால வரம்பு குறித்து: அறிவிப்பு 2024-25 நிதியாண்டில் வெளியானதால் பிரிவு 154(7)-இன் நான்கு ஆண்டுகள் 31-03-2029-இல்தான் முடிகின்றன. பிரிவு 154(8)-இன்படி இம்மனு பெறப்பட்ட மாத இறுதியிலிருந்து ஆறு மாதத்துக்குள், அதாவது 31-12-2025-க்குள், முடிவு எடுக்கப்பட வேண்டும்.

6. கோரிக்கை

அ) 14-02-2025 நாளிட்ட அறிவிப்பையும் அதே தவறைத் தொடர்ந்த 12-05-2025 உத்தரவையும் பிரிவு 154-இன் கீழ் திருத்தி, பிரிவு 244A(1)(a) வட்டியாக ரூ.3,723.50 கணக்கிட்டு, முழுமையாக்கலுக்குப் பின் நிலுவையான ரூ.3,720-ஐ ஏற்கெனவே ரீஃபண்ட் வந்த அதே வங்கிக் கணக்கில் வரவு வைக்க உத்தரவிட வேண்டுகிறேன்.

ஆ) கோரிக்கையை முழுமையாகவோ பகுதியாகவோ ஏற்க இயலாது என்று தாங்கள் கருதினால், எந்த உட்பிரிவின் கீழ், எந்தக் காலத்துக்கு வட்டி மறுக்கப்படுகிறது என்ற காரணத்துடன் எழுத்து மூலமான உத்தரவு வழங்க வேண்டுகிறேன். மறுப்பு உத்தரவின் மீது பிரிவு 246A-இன் கீழ் மேல்முறையீடு செய்ய எனக்குள்ள உரிமைக்கு அது அவசியம்.

வட்டி வர ஏற்பட்ட தாமதத்துக்கு மேற்கொண்டு வட்டி கேட்கவில்லை. சட்டம் சொல்லும் வட்டிக்கு மேல் வேறு வட்டி இல்லை என்று குஜராத் ஃப்ளூரோ கெமிக்கல்ஸ் வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருப்பதை அறிவேன். கிடைக்கும் ரூ.3,720 வரிக்குரிய வருமானம் என்பதையும் அறிவேன். அது வரும் ஆண்டின் ரிட்டர்னில் இதர வருமானத்தின் கீழ் காட்டுவேன்.

இணைப்புகள்: பான் அட்டை நகல், ரிட்டர்ன் மற்றும் அதே தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு, படிவம் 16, படிவம் 26AS, 14-02-2025 அறிவிப்பு, 12-05-2025 உத்தரவு, 20-02-2025 வரவைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கைப் பக்கம்.

மேற்கண்ட விவரங்கள் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என உறுதியளிக்கிறேன்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
செ. முத்துலட்சுமி
மதுரை, 09-06-2025