நேற்று பெய்தது, நாளை பெய்யும்: காலமாற்றப் பயிற்சித்தாள்

ஏழாம் வகுப்பு, தமிழ் இலக்கணம்

வடகிழக்குப் பருவமழை நாட்களில் வீட்டில் கேட்கும் வானிலைச் செய்திதான் இந்தப் பத்தி. முதலில் வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். அப்புறம், மாறியிருக்கும் சொற்களை மற்ற இரண்டு பத்திகளிலும் அடிக்கோடிடுங்கள்.

நிகழ்காலம்

இன்று தென்மேற்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி நிலவுகிறது. அது வடமேற்குத் திசையில் நகர்கிறது. நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களில் கனமழை பெய்கிறது. கடலோரத்தில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. கரையை நோக்கி வருகிற அலைகள் தடுப்புச் சுவரில் மோதுகின்றன. மீனவர்கள் கடலுக்குச் செல்லவில்லை. படகுகளைக் கரையில் கட்டி வைக்கிறார்கள். மாலையில் மழை குறைகிறது.

இறந்தகாலம்

நேற்று தென்மேற்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி நிலவியது. அது வடமேற்குத் திசையில் நகர்ந்தது. நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களில் கனமழை பெய்தது. கடலோரத்தில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. கரையை நோக்கி வந்த அலைகள் தடுப்புச் சுவரில் மோதின. மீனவர்கள் கடலுக்குச் செல்லவில்லை. படகுகளைக் கரையில் கட்டி வைத்தார்கள். மாலையில் மழை குறைந்தது.

எதிர்காலம்

நாளை தென்மேற்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி நிலவும். அது வடமேற்குத் திசையில் நகரும். நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களில் கனமழை பெய்யும். கடலோரத்தில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும். கரையை நோக்கி வரும் அலைகள் தடுப்புச் சுவரில் மோதும். மீனவர்கள் கடலுக்குச் செல்லமாட்டார்கள். படகுகளைக் கரையில் கட்டி வைப்பார்கள். மாலையில் மழை குறையும்.

கவனியுங்கள்

வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றிவிட்டு நிறைய பேர் தாளை நீட்டிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் ‘வருகிற’ என்ற பெயரெச்சத்தைப் பாருங்கள். அதுவும் காலம் காட்டுகிறது. வந்த, வரும் என்று மாறுகிறது. ‘கட்டி’ வினையெச்சம். அது மூன்று பத்தியிலும் அப்படியே நிற்கிறது, தொட வேண்டாம்.

‘செல்லவில்லை’ இன்றைக்கும் பொருந்தும், நேற்றைக்கும் பொருந்தும். ‘இன்று’, ‘நேற்று’ என்ற சொல்தான் அங்கே காலத்தைச் சொல்கிறது. எதிர்காலத்தில் மட்டும் ‘செல்லமாட்டார்கள்’ ஆகிறது.

‘வைப்பார்கள்’ என்பதில் ப் என்ற இடைநிலை தெரிகிறது. ‘பெய்யும்’ என்பதில் ப், வ் எதுவும் இல்லையே என்று தேடாதீர்கள். அஃறிணைக்கு எதிர்காலத்தில் இந்த ‘உம்’ வடிவமே வழக்கம். ஒருமை, பன்மை வேறுபாடும் இதில் தெரியாது: அலை மோதும், அலைகள் மோதும்.

நீங்களே மாற்றுங்கள்

கீழே உள்ளதை இறந்தகாலத்திலும் எதிர்காலத்திலும் உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

இன்று கடலூரில் விட்டுவிட்டு மழை பெய்கிறது. தெருவில் ஓடுகிற தண்ணீர் வாசற்படியைத் தொடுகிறது. பாட்டி கொடியில் காய்கிற துணிகளை உருவி உள்ளே போடுகிறார். பிள்ளைகள் வெளியே விளையாடவில்லை. தவளைகள் கத்துகின்றன.

செய்தியில் ‘கனமழை பெய்யக்கூடும்’ என்று வாசிப்பார்கள். பெய்யும் என்பது உறுதி, பெய்யக்கூடும் என்பது வாய்ப்பு. எதிர்காலப் பத்தியை எழுதி முடித்த பிறகு, அதன் முதல் வாக்கியத்தை மட்டும் ‘பெய்யக்கூடும்’ என்று இன்னொரு முறை எழுதுங்கள்.