மெனு போட்டுக்கு போனிலேயே படம் எடுப்பது: தெருவோரச் சாப்பாட்டுக் கடைக்காரருக்கு ஒரு குறுங்கையேடு

நல்லூர்த் திருவிழாவுக்குக் கடை போடுபவர்கள், பஸ் நிலையத்தைச் சுற்றி வண்டில் வைத்திருப்பவர்கள், பின்னேரங்களில் கொத்து, தோசை, றோல்ஸ் விற்பவர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறோம். உங்கள் கையில் இருக்கும் போனும் ஒரு காலைப்பொழுதும் போதும். கடையில் வாங்க வேண்டியவை மூன்று வெள்ளை பிறிஸ்டல் போட், உடுப்புக் கிளிப் ஒரு பக்கற், ஒட்டு ரேப் ஒன்று.

பின்னணியைச் சுத்தப்படுத்த வேண்டியது படம் எடுக்கும் மேசையில்தான். வண்டிலுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்துவிட்டுப் பிறகு அப்பில் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால், இடியப்பத்தின் இழைகள் பாதியில் அறுந்துபோகும், வடையில் நீட்டிக்கொண்டிருக்கும் கறிவேப்பிலை காணாமல் போகும், சர்பத் கிளாசுக்குள் பின்னால் நின்ற மோட்டார் சைக்கிள் தெரியும். மேசையில் பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால் அப்பில் ஒரு மணி நேரம் மிஞ்சும்.

இடமும் வெளிச்சமும்

கடையில் எடுக்காதீர்கள், வீட்டில் எடுங்கள். காரணம் தறப்பாள். நீலத் தறப்பாளின் கீழே வரும் வெளிச்சமும் நீலமாகத்தான் இருக்கும். அதில் வெள்ளைப் போட் நீலம் பாரிக்கும், கொத்து சாம்பல் நிறமாகும், தேங்காய்ச் சம்பல் பழசு போலத் தெரியும். அப்பில் நீலத்தைக் குறைத்தால் சாப்பாடு மஞ்சளாகிவிடும். இதைப் பிறகு முழுதாகத் திருத்த முடியாது.

வீட்டில் வெயில் நேரே விழாத ஒரு ஜன்னல் அல்லது விறாந்தை ஓரம் தேவை. காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரையும், பின்னேரம் மூன்றரையிலிருந்து ஐந்து வரையும் நல்ல நேரம். எங்கள் ஊரில் மத்தியானச் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். அந்த நேரம் முற்றத்தில் எடுத்தால் வடைக்குக் கீழே கறுத்த நிழலும் எண்ணெய் பட்ட இடமெல்லாம் வெள்ளைப் புள்ளிகளும் விழும். ஜன்னலால் வெயில் வந்தே தீருமென்றால், துவைத்த வெள்ளை வேட்டியை ஒற்றையாக விரித்து ஜன்னலுக்குக் குறுக்கே கட்டுங்கள். வெளிச்சம் மென்மையாகிவிடும். கரைபோட்ட பக்கம் படத்துக்குரிய வெளிச்சத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறையில் எரியும் பல்ப், ரியூப் லைற் எல்லாவற்றையும் அணையுங்கள். ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் சேர்ந்தால் பிளேற்றின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும்.

போட்டை வைக்கும் விதம்

மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள். வெளிச்சம் இடது அல்லது வலது பக்கத்தால் வர வேண்டும். முதலாவது பிறிஸ்டல் போட்டின் மேல் விளிம்பைச் சுவரில் ஒட்டி, கீழ்ப் பக்கத்தை மேசைமேல் படுக்கவிடுங்கள். சுவரும் மேசையும் சந்திக்கும் இடத்தில் போட் தானாக வளைந்து நிற்க வேண்டும். மடித்துவிட்டால் படத்தில் குறுக்கே ஒரு கோடு விழும். கடையில் வாங்கும்போது சுருட்டித் தரச் சொல்லுங்கள், மடிக்க விடாதீர்கள். பளபளப்பில்லாத போட்டாகவும் பார்த்து எடுங்கள்.

பிளேற்றை வளைவிலிருந்து குறைந்தது ஒரு அடி முன்னால் வையுங்கள். வளைவோடு ஒட்டி வைத்தால் பிளேற்றின் நிழல் பின்னணியில் ஏறிவிடும். படம் அழுக்காகத் தெரிவதற்குப் பெரும்பாலும் அந்த நிழல்தான் காரணம். இரண்டாவது போட்டை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில், பிளேற்றிலிருந்து ஒரு சாண் தள்ளி, செங்குத்தாக நிறுத்துங்கள். இரண்டு தண்ணீர்ப் போத்தல்களில் கிளிப் பண்ணினால் நிற்கும். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, இருட்டான பக்கத்தை நிரப்பும். போட்டை வைத்தும் எடுத்தும் ஒருமுறை பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

மூன்றாவது போட் மாற்றுவதற்கு. ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலே முதலாவது முடிந்துவிடும். ஆகவே எண்ணெய்ச் சாப்பாட்டைக் கடைசியில் எடுங்கள். சோழகக் காற்றுக் காலத்தில் விறாந்தையில் எடுப்பவர்கள் போட்டின் நான்கு மூலையையும் கிளிப் பண்ணாமல் தொடங்க வேண்டாம்.

போனில் செய்ய வேண்டியவை

லென்ஸை முதலில் துடையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் போனின் லென்ஸில் எண்ணெய்ப் படலம் இருக்கும். படம் முழுக்கப் புகார் அடித்ததுபோல வரும். பழைய பருத்தித் துணியில் லேசாக மூச்சை ஊதித் துடைத்தால் போதும்.

பிளாஷ் வேண்டாம். போர்ட்ரெயிட் மோட் வேண்டாம், அது பிளேற்றின் விளிம்பையே மங்கலாக்கிவிடும். ‘ஃபூட்’ மோட் இருந்தால் அதுவும் வேண்டாம்: சிவப்பைக் கூட்டிவிடும், போனில் அழகாக இருக்கும், அச்சில் சம்பல் ஒரே சிவப்புக் கட்டியாக வரும். 0.5 என்று காட்டும் அகல லென்ஸ் பிளேற்றை முட்டை வடிவமாக இழுக்கும். 1 அல்லது 2 இல் வைத்து எடுங்கள். விரலால் இழுத்து சூம் பண்ணாமல் போனை அருகில் கொண்டுபோங்கள்.

இனி முக்கியமானது. வெள்ளைப் பின்னணி சாம்பல் நிறமாக வருகிறதென்று பலர் போட்டைக் குறை சொல்வார்கள். போட்டில் பிழையில்லை. படம் முழுக்க வெள்ளையாக இருக்கும்போது வெளிச்சம் அதிகம் என்று போன் முடிவெடுத்து, தானாகவே இருட்டாக்குகிறது. அதனால் திரையில் சாப்பாட்டின்மேல் விரலை வைத்து இரண்டு விநாடி அழுத்துங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று வரும். பெரும்பாலான அண்ட்ரொய்ட் போன்களில் ஒரு பூட்டு அடையாளம் வரும். பக்கத்தில் தெரியும் சூரிய அடையாளத்தை, பின்னணி வெள்ளையாகும் வரை மேலே தள்ளுங்கள். பிளேற்றின் வெள்ளை விளிம்பு பின்னணியோடு கரையத் தொடங்கினால் கூடிவிட்டது, கொஞ்சம் இறக்குங்கள்.

போனைக் கையில் பிடிக்காமல் செங்கட்டியிலோ புத்தக அடுக்கிலோ சாய்த்து வைத்து, 3 விநாடி ரைமர் போடுங்கள். பிளேற் வைக்கும் இடத்தை ஒட்டு ரேப்பால் சிறு துண்டாக அடையாளம் செய்தால் எல்லாச் சாப்பாடும் ஒரே அளவில் வரும். மெனு போட்டில் ஒரு வடை பெரிதாகவும் ஒரு கொத்து சிறிதாகவும் நிற்பதைத் தவிர்க்க இதுதான் வழி.

சாப்பாட்டுக்குச் சாப்பாடு

எல்லாவற்றையும் பழைய வடை ஒன்றை வைத்துச் சரிபார்த்து முடித்த பிறகே சூடான சாப்பாட்டைக் கொண்டுவாருங்கள். கொத்து தாச்சியிலிருந்து இறங்கி ஐந்து நிமிடத்தில் மினுக்கம் இழந்துவிடும். ஆனால் ஆவி பறக்கும்போதும் எடுக்க முடியாது, லென்ஸ் புகாராகும். ஒரு நிமிடம் பொறுத்து எடுங்கள். கொத்தை அரைச் சரிவில், சாப்பிட உட்காருபவர் பார்க்கும் கோணத்தில் எடுத்தால் குவியல் தெரியும். தோசை, பருத்தித்துறை வடை, கச்சான், சுண்டல் இவற்றை நேர் மேலே இருந்து. றோல்ஸையும் மிதிவெடியையும் ஒன்றைக் குறுக்கே வெட்டி, உள்ளே இருப்பது தெரிய, முழுதான இரண்டுக்கு முன்னால் வைத்துத் தாழ்வாக எடுங்கள். பொரித்த சாமானைப் பிளேற்றில் வைக்குமுன் தாளில் ஒற்றிவிடுங்கள்.

வெள்ளைச் சாப்பாடுதான் சோதிக்கும். இட்லி, வெள்ளைப் புட்டு, இடியப்பம் மூன்றும் வெள்ளைக் கோப்பையில் வெள்ளைப் போட்டில் வைத்தால் காணாமல் போய்விடும். வாழையிலைத் துண்டை வட்டமாக வெட்டிக் கோப்பையில் போட்டு, அதன்மேல் வையுங்கள். சில்வர் கோப்பை வேண்டவே வேண்டாம். உங்கள் சாரமும் போனும் அதில் தெரியும்.

சர்பத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் வெறும் கிளாசை வைத்தே வெளிச்சத்தையும் இடத்தையும் பூட்டிவிட்டு, பிறகு நிரப்பி உடனே எடுங்கள். கிளாசை அதன் உயரத்துக்கே போனை இறக்கி எடுக்க வேண்டும்.

படத்தில் வைக்கும் அளவு, விற்கும் அளவாகவே இருக்கட்டும். விற்பது இரண்டு வடையென்றால் படத்திலும் இரண்டு. இணையத்தில் எடுத்த படத்தைப் போட வேண்டாம்: அது இன்னொருவருடைய உடைமை, அதோடு உங்கள் கொத்து அப்படி இருக்கப்போவதுமில்லை.

பின்னணியை வெட்ட வேண்டி வந்தால்

வெள்ளை மெனு போட்டென்றால் வெட்டவே தேவையில்லை. Snapseed இல் படத்தைத் திறந்து, Selective இல் பின்னணியில் ஒரு புள்ளி வைத்து, வலப்பக்கம் இழுத்து வெளிச்சத்தைக் கூட்டினால் மிச்சச் சாம்பலும் போய்விடும். சிதறிய துணுக்குகளை Healing அழிக்கும்.

மெரூன், கறுப்பு போன்ற நிறப் போட்டென்றால், மேலிருந்து எடுத்த படத்தைப் பிளேற்றின் விளிம்போடு வட்டமாகக் கத்தரிப்பதுதான் மிகச் சுத்தமான வழி. Canva இல் இலவச வட்டச் சட்டங்கள் உண்டு. ஐபோனில் iOS 16 முதல், புதுச் சாம்சங் போன்களின் கலரியிலும், சாப்பாட்டின்மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே அது தனியாகப் பிரிந்து வரும். ஆனால் வெள்ளைப் போட்டில் எடுத்ததை வெட்டிக் கறுப்பில் வைத்தால் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு நிற்கும். அப்படி வெட்டுவதென்று முன்பே தெரிந்தால் சாம்பல் நிறப் போட்டில் எடுங்கள். கிளாஸ், சர்பத், இடியப்பம் மூன்றையும் வெட்ட முயல வேண்டாம்.

வெட்டிய படத்தை PNG ஆகவே சேமியுங்கள். JPG ஆக மாறினால் வெறுமையான இடம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ நிரம்பிவிடும். பின்னணியை அகற்றித் தரும் remove.bg தளம் இலவசமாகத் தருவது சின்னப் படம். நாலு அங்குலத்துக்கு மேல் அச்சிட்டால் உடையும்.

அச்சுக்குக் கொடுக்கும்போது

படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிப் போகும். Document ஆக அனுப்புங்கள். 6 அங்குல அகலத்துக்கு 900 பிக்சல் போதும். உங்கள் போன் எடுப்பது அதைவிடப் பல மடங்கு பெரியது, வழியில் கெடாமல் இருந்தால் சரி.

போன் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தாதீர்கள். பிளெக்ஸ் அச்சு திரையைவிட இருட்டாகத்தான் வரும். பாதி வெளிச்சத்தில் பார்த்தும் படம் கொஞ்சம் கூடுதலாக வெளிச்சமாக இருந்தால் நல்லது. ஒரு கொத்துப் படத்தை மட்டும் சிறு துண்டாக அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மினுங்காத லமினேற் கேளுங்கள், இல்லையென்றால் இரவில் கடை லைற் போட்டில் பட்டுப் படத்தை மறைக்கும்.

எழுத்துகளை அச்சகத்தில் பாமினி எழுத்துருவுக்கு மாற்றும்போது கொ, கோ, ரூ போன்றவை சிதறக்கூடும். அச்சுக்குப் போகுமுன் திரையில் ஒவ்வொரு பெயராக வாசித்துப் பாருங்கள். விலையை அச்சிடாமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, ஒட்டும் தாளில் எண் எழுதி ஒட்டினால், மாவும் எண்ணெயும் விலை ஏறும்போது புதுப் போட் அடிக்க வேண்டியதில்லை.