கையில் 3 லட்சம்: காலத்தைக் குறைப்பதா, தவணையைக் குறைப்பதா?

கணக்குக்கு எடுத்துக்கொண்டது மேடவாக்கத்தில் வாங்கிய ஒரு ஃப்ளாட்டின் கடன். 40 லட்சம் ரூபாய், 8.5% மாறும் வட்டி, 20 வருடம். மாதத் தவணை ரூ.34,713. இதுவரை 36 தவணை கட்டியாயிற்று. இனி 204 பாக்கி.

மூன்று வருடம் கட்டியும் கடன் குறைந்த மாதிரியே தெரியவில்லையே, வங்கி ஏமாற்றுகிறதா?

இல்லை. முதல் மாதத் தவணையில் ரூ.28,333 வட்டிக்கே போனது, அசலில் கழிந்தது ரூ.6,380தான். 36 மாதத்தில் கட்டிய சுமார் 12.50 லட்சத்தில் 9.89 லட்சம் வட்டி. அசல் பாக்கி இன்னும் ரூ.37,39,440. தவணையில் மாற்றமில்லாமல் போனால் இதன்மேல் இன்னும் 33.42 லட்சம் வட்டி கட்ட வேண்டும்.

போனஸ் 3 லட்சம் வந்திருக்கிறது. இப்போதே கட்டினால்?

பாக்கி 34,39,440 ஆகிவிடும். அதன்பிறகு நடப்பதெல்லாம் கிளையில் நீங்கள் எழுதித் தரும் ஒரு வரியைப் பொறுத்தது.

தவணை அதே ரூ.34,713 என்றால், 204 மாதம் 172 ஆகச் சுருங்கும். அந்தக் கடைசித் தவணையும் பாதிக்குக் குறைவு, சுமார் ரூ.15,400தான். மிச்சமாகும் வட்டி ஏறக்குறைய ரூ.8.30 லட்சம்.

காலம் அதே 204 மாதம் என்றால், தவணை ரூ.31,928 ஆகும். மாதம் ரூ.2,785 குறையும். வட்டி மிச்சம் ரூ.2.68 லட்சம்.

8.30 எங்கே, 2.68 எங்கே என்று தோன்றும். ஆனால் இரண்டாவதில் மாதாமாதம் 2,785 உங்கள் கையிலேயே நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது. அதை வரி போக 8.5 சதவீதத்துக்கு மேல் தரும் இடத்தில் தவறாமல் போடுவீர்கள் என்றால் இரண்டாவதும் மோசமில்லை. பெரும்பாலான வீடுகளில் அந்தப் பணம் மளிகையிலும் பெட்ரோலிலும் கரைந்துவிடும். அதனால் சம்பளம் நெருக்கடியில்லாமல் ஓடுகிறவருக்குக் காலத்தைக் குறைப்பதே சரி. வேலை நிச்சயமில்லை, பிள்ளைகளின் கல்லூரிச் செலவு தலைக்குமேல் நிற்கிறது என்றால் தவணையைக் குறைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

நீங்களே சரிபார்க்க, எக்செல் ஷீட்டில் இந்த இரண்டு வரிகள் போதும். முதலாவது மாத எண்ணிக்கை, அடுத்தது புதிய தவணை:

```
=NPER(8.5%/12,-34713,3439440)
=PMT(8.5%/12,204,-3439440)
```

அவசரம் என்ன, பத்தாவது வருடம் கட்டினால் ஆகாதா?

ஆகும், பலன் பாதிக்கும் கீழே போய்விடும். 120 தவணை முடிந்தபின் அதே 3 லட்சத்தைக் கட்டினால் மிச்சம் ரூ.3.56 லட்சம், குறைவது 18 மாதம். கட்டிய 3 லட்சம் மீதிக்காலம் முழுக்க வட்டியைத் தடுக்கிறது. அந்த மீதிக்காலம் சுருங்கச் சுருங்கப் பலனும் சுருங்கும்.

மொத்தமாக இல்லை. மாதம் 5,000 கூடுதலாகக் கட்டலாமா?

37ஆவது மாதத்திலிருந்து ரூ.39,713 கட்டினால் 204 மாதம் 156 ஆகும். முழுசாக நான்கு வருடம் முன்பே முடியும். வட்டி மிச்சம் சுமார் ரூ.8.95 லட்சம். சம்பள உயர்வு வரும்போது தவணையை உயர்த்திக்கொள்வது இதே வேலையைச் செய்யும்.

வட்டி 9.25% ஆகிவிட்டால்?

தவணையை மாற்றாமல் விட்டால் 37,39,440 பாக்கிக்கு 204 மாதம் சத்தமில்லாமல் 232 ஆகிவிடும். தவணை அப்படியே இருப்பதால் பலருக்கு இது தெரிவதே இல்லை. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா?

தனிநபர் பெயரில் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனுக்குக் கிடையாது. நிலையான வட்டிக் கடனென்றால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

கட்டும்போது எங்கே தப்பு நடக்கிறது?

செயலியில் கூடுதல் பணம் போட்டால் சில சமயம் அது அசலில் கழியாமல், வரப்போகும் தவணைக்கான முன்பணமாக உட்கார்ந்துவிடும். வட்டி ஒரு ரூபாய்கூடக் குறையாது. எனவே எழுத்தில் கொடுங்கள்: "ரூ.3,00,000 தொகையை அசலில் வரவு வைக்கவும். மாதத் தவணை ரூ.34,713 மாற வேண்டாம். கடன் காலத்தைக் குறைக்கவும்." முத்திரையிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்துக் கணக்கு அறிக்கையில் அசல் பாக்கி 34,39,440 என்று இருக்கிறதா, புதிய அட்டவணையில் கடைசித் தவணை 172ஆவதாக வருகிறதா என்று பாருங்கள். நாள்கணக்கில் வட்டி போடும் வங்கியானால் சில நூறு ரூபாய் வித்தியாசம் வரலாம். 204 என்றே இருந்தால் கிளைக்கு மறுபடி போக வேண்டியதுதான்.