சித்தி, கல்யாணம் சம்பளம் பற்றி உங்களிடம் தனியாக ஒரு விஷயம்

சித்தி, எனக்குக் கல்யாணம் எப்போது, சம்பளம் எவ்வளவு என்று நேற்று ராத்திரி குடும்ப குரூப்பில் நீங்கள் கேட்டதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பதில் போடாமல் விட்டேன். முப்பது பேர் படிக்கிற இடத்தில் அதைப் பேச எனக்கு விருப்பமில்லை. போனில் சொல்லலாம் என்றால், பாதியிலேயே பேச்சு வேறு எங்கேயோ போய்விடும், நானும் "சரி சித்தி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் அக்கறையில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த சமயத்தில் ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தது நீங்கள்தான், அதனால்தான் நான் நிம்மதியாகப் போய்ப் பரீட்சை எழுத முடிந்தது. வேறு யாராவது கேட்டிருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன். நீங்கள் என்பதால்தான் மனசில் இருப்பதை முழுசாகச் சொல்கிறேன்.

கல்யாணம் எப்போது என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு அதற்கு என்னிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை சித்தி. ஏன் இல்லை, யாராவது மனசில் இருக்கிறார்களா, வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேனா, எத்தனை வயது வரை இப்படியே இருப்பதாக உத்தேசம், இதற்கெல்லாமும் நான் பதில் சொல்லப் போவதில்லை. உங்களிடம் எதையோ மறைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் எதைச் சொன்னாலும் அதிலிருந்து அடுத்த கேள்வி வருகிறது. போன தடவை நீங்கள் கேட்டபோது "பார்க்கலாம் சித்தி" என்றேன், பேச்சை முடிக்கச் சொன்ன வார்த்தை அது. நீங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு என் போட்டோவையும் நம்பரையும் ஒருவருக்கு அனுப்பிவிட்டீர்கள். ஆபீஸில் மீட்டிங்கில் இருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவரின் அம்மா போன் செய்து, என் உயரம் என்ன, கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேனா என்று கேட்கிறார். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சங்கடமாக இருந்தது என்று உங்களிடம் சொல்லவே இல்லை, இப்போது சொல்கிறேன். நீங்கள் நல்லதை நினைத்துத்தான் செய்தீர்கள், ஆனாலும் என்னைக் கேட்காமல் செய்திருக்கக் கூடாது. இனிமேல் என் போட்டோவோ நம்பரோ யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்த இடத்தில், பெண்ணுக்கு இப்போது அந்த எண்ணம் இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்களையும் காக்க வைப்பது நியாயமில்லை.

இன்னொன்று, இதுதான் எனக்கு ரொம்பவே முக்கியம். நான் பிடி கொடுக்காவிட்டால் நீங்கள் அம்மாவுக்குப் போன் செய்கிறீர்கள். நீங்கள் பேசி வைத்துவிடுகிறீர்கள், அதன் பிறகு அம்மா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, தான் எதையோ செய்யத் தவறிவிட்ட மாதிரி யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். அப்பாவும் அம்மாவும் நானும் இதைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து தெளிவாகப் பேசி முடித்துவிட்டோம். அவர்களுக்கு என் மனசு தெரியும். நீங்கள் ஒவ்வொரு முறையும் "வயசு ஏறிட்டே போகுதே, நீ எப்படிச் சும்மா இருக்கே" என்று அம்மாவிடம் கேட்கும்போது, முடிந்துபோன பேச்சு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. என்னிடம் கேட்பதையாவது நான் தாங்கிக்கொள்வேன். அம்மாவிடம் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அப்புறம் சம்பளம். ஆபீஸில் வெளியே சொல்லக் கூடாது என்று விதி இருக்கிறது என்று ஒரு சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம், உங்களிடம் அப்படிப் பேச எனக்கு மனசு வரவில்லை. சொல்ல விருப்பமில்லை, அவ்வளவுதான். நான் யாரிடமும் சொல்வதில்லை, நெருங்கின தோழிகளுக்குக்கூடத் தெரியாது. ஒரு தொகையைச் சொன்னால் அது கேட்டவர் வீட்டோடு நிற்பதில்லை. பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வருகிறது, அதில் கடனுக்கு எவ்வளவு போகிறது, வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறேன் என்பதெல்லாம் கேட்கிறவர்களுக்குத் தெரியாது, அந்த ஒற்றைத் தொகை மட்டும் வீடு வீடாகப் போகும். யாரோ ஒருவர் வீட்டில் அதை வைத்துத் தன் பிள்ளையைத் திட்டுவார், இன்னொருவர் "இவ்வளவுதானா" என்பார். உங்கள் பையன் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், அவனையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி யாரும் கணக்குப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கும் பிடிக்காது, அவனையே கேட்டுப் பாருங்கள். நாங்கள் இருவரும் சின்ன வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள், எங்களுக்குள் அந்தப் பேச்சு வராமலே இருக்கட்டும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: வேலை நன்றாகப் போகிறது, என் செலவுக்கும் வீட்டுக்கும் போதுமான அளவு வருகிறது, கொஞ்சம் சேமிக்கவும் முடிகிறது. பணத்துக்குச் சிரமம் என்று ஒன்று வந்தால் உங்களிடம் கேட்க நான் தயங்க மாட்டேன்.

இனிமேல் எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் ஏதோ கோபத்தில் இருக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றாது. இந்த இரண்டைப் பற்றியும் நீங்கள் மறுபடி கேட்டால், "சொல்ல வேண்டியது இருந்தால் நானே சொல்கிறேன் சித்தி" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். திரும்பத் திரும்பக் கேட்டாலும் அதே பதில்தான். குரூப்பில் கேட்டால் அங்கே பதில் வராது. கல்யாணம் என்று முடிவானால் அது உங்களுக்கு மூன்றாம் மனிதர் மூலமாக வராது, அம்மா அப்பாவுக்கு அடுத்தபடியாக நானே உங்களைக் கூப்பிட்டுச் சொல்வேன். இந்த ஒன்றை நீங்கள் முழுசாக நம்பலாம்.

அடுத்த மாதம் நிச்சயதார்த்தத்தில் எல்லோரும் கூடுகிறோம். அங்கே அத்தை, பெரியம்மா என்று யாராவது என் பேச்சை எடுத்தால், "அதை அவகிட்டேயே விட்டுருங்க, அவளே சொல்லுவா" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீங்கள் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள், நான் சொன்னால் வாய்த்துடுக்கு என்பார்கள். இது உங்களிடம் நான் உரிமையோடு கேட்கிற உதவி. போன தடவை மாதிரி எல்லோர் முன்னாலும் என்னை நடுவில் நிறுத்திக் கேட்டால், அங்கிருந்து எழுந்து போவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்காது, அன்றைக்கு அப்படி ஆவதை நானும் விரும்பவில்லை.

என்னிடம் கேட்க வேறு எவ்வளவோ இருக்கிறது சித்தி. புது டீமில் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் இதுவரை கேட்டதே இல்லை, கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வேன். சாயங்காலம் ஓவியம் கற்றுக்கொள்ளப் போகிறேன், வரைந்ததை உங்களுக்கு அனுப்பவா? நீங்களும் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், போனில் எப்போதும் என் பேச்சே ஓடி, உங்கள் முட்டி வலி என்ன ஆனது என்று கேட்கக்கூட நேரம் கிடைப்பதில்லை.

இதற்கு உடனே பதில் போட வேண்டும் என்று இல்லை. படித்ததும் வருத்தமாக இருந்தால் இரண்டு நாள் கழித்துக்கூடப் பேசலாம், அம்மாவிடம் சொல்லாமல் என்னிடமே சொல்லுங்கள். கண் டாக்டரிடம் சனிக்கிழமை காலையில் அப்பாயின்ட்மென்ட் என்று சொன்னீர்களே, சித்தப்பாவுக்கு அன்றைக்கு வேலை இருந்தால் நான் கூட வருகிறேன், எனக்கு லீவுதான். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.