பரஸ்பர இரகசியக் காப்பு ஒப்பந்தம்: தமிழாக்கம், மொழிபெயர்ப்பாளர் குறிப்புகளுடன்

அண்ணன்மார் இருவருக்கும் வணக்கம்.

பெங்களூரு கம்பெனி அனுப்பிய ஆங்கில ஒப்பந்தத்தின் முழுத் தமிழாக்கம் இது. நீங்கள் கையெழுத்துப் போடப்போவது ஆங்கிலப் பத்திரத்தில்தான். ஆனால் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பது வரிக்கு வரி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் மூலம் உங்களை எவ்வளவு கட்டுப்படுத்துகிறதோ, தமிழும் அவ்வளவே கட்டுப்படுத்தும்படி எழுதியிருக்கிறேன். படிக்கச் சுகமாக இருக்கட்டும் என்று எங்கேயும் எதையும் தளர்த்தவில்லை. ஒரே சொல் பத்து இடத்தில் வந்தால் பத்து இடத்திலும் அதே சொல்தான் இருக்கும். சலிப்பாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'குறிப்பு' என்று தொடங்கும் பத்திகள் என்னுடையவை. அவை ஒப்பந்தத்தின் பகுதி அல்ல. இரு தரப்பின் பெயர், முகவரி, மின்னஞ்சல் ஆகியவற்றை ஆங்கில முதல் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பெயரைத் தமிழில் எழுதும்போது எழுத்து மாறி வேறு நிறுவனம் போலத் தோன்றிவிடக் கூடாது என்பதால் இங்கே எழுதவில்லை.

ஒப்பந்தம்

சென்னை காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஐஸ் அறை கட்டித் தரும் கூட்டாண்மை நிறுவனத்துக்கும் (இனி 'பட்டறை'), பெங்களூருவில் பதிவு அலுவலகம் கொண்ட, குளிர்த் தகடு தயாரிக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கும் (இனி 'கம்பெனி') இடையே இந்த ஒப்பந்தம் செய்துகொள்ளப்படுகிறது. இருவரில் கடைசியாகக் கையொப்பமிடுபவர் கையொப்பமிடும் நாளில் இது நடைமுறைக்கு வரும். தகவல் தருபவர் 'வெளியிடும் தரப்பு' என்றும், பெறுபவர் 'பெறும் தரப்பு' என்றும் அழைக்கப்படுவர். பட்டறை, கம்பெனி ஆகிய ஒவ்வொன்றும் சூழலுக்கு ஏற்ப இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

1. நோக்கம்

பட்டறை கட்டும் ஐஸ் அறைகளுக்குள் கம்பெனியின் குளிர்த் தகடுகளைப் பொருத்திச் சோதிக்க முடியுமா, அதன் அடிப்படையில் இருவரும் வணிக உறவு வைத்துக்கொள்ளலாமா என்பதை மதிப்பிடுவது மட்டுமே 'நோக்கம்' ஆகும்.

2. இரகசியத் தகவல்

2.1 'இரகசியத் தகவல்' என்பது, நோக்கம் தொடர்பாக வெளியிடும் தரப்பு, நடைமுறைக்கு வந்த நாளன்றோ அதன் பின்னரோ, பெறும் தரப்புக்கு எழுத்து மூலமாகவோ, மின்னணு வடிவிலோ, வாய்மொழியாகவோ, நேரில் பார்க்கச் செய்வதன் மூலமாகவோ வெளியிடும், பொதுவில் அறியப்படாத தொழில்நுட்ப அல்லது வணிகத் தகவல் எனப் பொருள்படும். வரைபடங்கள், அளவுகள், பொருள்களின் கலவை விகிதங்கள், செய்முறைகள், சோதனை முடிவுகள், விலைகள், வாடிக்கையாளர் மற்றும் சப்ளையர் விவரங்கள் ஆகியவை அதில் அடங்கும்; ஆனால் அது இவற்றோடு நின்றுவிடாது.

2.2 எழுத்து மூலமாகவோ மின்னணு வடிவிலோ வெளியிடப்படும் தகவல், வெளியிடும்போது 'இரகசியம்' என்று குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே இரகசியத் தகவல் ஆகும்.

2.3 வாய்மொழியாகவோ நேரில் பார்க்கச் செய்வதன் மூலமாகவோ வெளியிடப்படும் தகவல், வெளியிடும்போது இரகசியம் என்று சொல்லப்பட்டு, அந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் அதன் சுருக்கம் எழுத்து மூலம் பெறும் தரப்புக்கு அனுப்பப்பட்டால் மட்டுமே இரகசியத் தகவல் ஆகும்.

குறிப்பு: இந்தப் பிரிவைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். 'எனப் பொருள்படும்' என்பது வேலி. அந்த வேலிக்குள் என்ன வகையெல்லாம் வரும் என்பதற்கு உதாரணம்தான் அடுத்த வாக்கியம். அதனால் பட்டியலில் பெயர் சொல்லப்படாத ஒன்றும் இரகசியத் தகவலாக இருக்கலாம். 'இவற்றோடு நின்றுவிடாது' என்ற சொற்களை விட்டிருந்தால், பட்டியலில் இருப்பது மட்டும்தான் இரகசியம் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைத்திருக்கும்.

அடுத்தது உங்களுக்கு இன்னும் முக்கியம். கம்பெனியின் அறிவு பெரும்பாலும் காகிதத்தில் இருக்கிறது. ஒரு முத்திரை குத்தினால் அதற்குக் காப்பு வந்துவிடும். உங்கள் அறிவு கையில் இருக்கிறது. ஃபோம் எப்போது ஊற்றுவது, ஃபைபர் துணியை எத்தனை அடுக்கு வைப்பது, உப்புக்காற்றில் மூலைகள் விரிசல் விடாமல் எப்படி வளைப்பது என்பதெல்லாம் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. கம்பெனி இன்ஜினியர் பட்டறைக்கு வந்து பார்க்கும்போது வாயால் சொல்வீர்கள், கையால் காட்டுவீர்கள். 2.3 கேட்கும் இரண்டில் ஒன்று விடுபட்டாலும் அந்த விஷயத்துக்கு இந்த ஒப்பந்தத்தில் காப்பு இல்லை. 'மட்டுமே' என்பது மூலத்திலேயே இருக்கிறது. பரஸ்பரம் என்று தலைப்பில் போட்டிருந்தாலும், நடைமுறையில் இந்த வரி உங்கள் பக்கம்தான் அதிகம் கடிக்கும். மொழிபெயர்ப்பில் அதை நான் மாற்ற முடியாது. வக்கீலிடம் பேசி மாற்றக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

3. விலக்குகள்

ஒரு தகவல் பின்வருபவற்றில் ஒன்று என்று பெறும் தரப்பு எழுத்துப்பூர்வ ஆதாரத்துடன் நிரூபிக்கும் அளவுக்கு அது இரகசியத் தகவலில் சேராது: (அ) பெறும் தரப்பு இந்த ஒப்பந்தத்தை மீறாமலேயே பொதுவில் அறியப்பட்ட அல்லது அறியப்படும் தகவல், (ஆ) வெளியிடப்படும் முன்பே, இரகசியம் காக்கும் கடமையின்றிப் பெறும் தரப்பிடம் இருந்த தகவல், (இ) அதை வெளியிட உரிமையுள்ள மூன்றாம் நபரிடமிருந்து, இரகசியம் காக்கும் கடமையின்றிப் பெறப்பட்ட தகவல், (ஈ) இரகசியத் தகவலைப் பயன்படுத்தாமல் பெறும் தரப்பு தானாகவே உருவாக்கிய தகவல்.

4. கடமைகள்

4.1 பெறும் தரப்பு, இரகசியத் தகவலை நோக்கத்துக்காக மட்டுமே பயன்படுத்த வேண்டும். தன் சொந்த இரகசியத் தகவலைக் காக்கும் அதே கவனத்துடனும், எந்த நிலையிலும் நியாயமான கவனத்துக்குக் குறையாமலும் அதைக் காக்க வேண்டும்.

4.2 நோக்கத்துக்காக அதைத் தெரிந்துகொள்ளத் தேவையுள்ள, இதற்குக் குறையாத எழுத்துப்பூர்வக் கடமைக்கு உட்பட்ட தன் பங்குதாரர்கள், இயக்குநர்கள், பணியாளர்கள், ஆலோசகர்கள் ஆகியோருக்கு மட்டும் பெறும் தரப்பு அதை வெளியிடலாம். அவர்கள் மீறினால் பெறும் தரப்பே பொறுப்பு.

4.3 கொடுக்கப்பட்ட மாதிரிப் பொருளைப் பிரித்தோ ஆய்வு செய்தோ அதன் கலவையையோ செய்முறையையோ பெறும் தரப்பு கண்டறியக் கூடாது.

குறிப்பு: 'வேண்டும்', 'கூடாது' என்று வந்தால் கட்டாயம்; 'லாம்' என்று வந்தால் உங்கள் விருப்பம். 4.2 படி, தினக்கூலிக்கு வரும் பையனானாலும் கம்பெனி வரைபடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

5. சட்டப்படி வெளியிட நேர்தல்

சட்டமோ, நீதிமன்ற ஆணையோ, அதிகாரமுள்ள அரசு அமைப்பின் ஆணையோ கட்டாயப்படுத்தினால், பெறும் தரப்பு தேவையான அளவு மட்டும் வெளியிடலாம். சட்டம் அனுமதிக்கும் இடத்தில், அதற்கு முன்பே வெளியிடும் தரப்புக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். இப்படி வெளியிடப்பட்டதால் மட்டும் அத்தகவல் இரகசியத் தகவலாக இருப்பது நின்றுவிடாது.

குறிப்பு: இதை 3ஆம் பிரிவோடு சேர்த்து எழுதவில்லை. அங்கே சேர்த்தால், ஒரு முறை அதிகாரியிடம் கொடுத்த தகவல் என்றைக்கும் காப்பு இழந்துவிடும்.

6. திருப்பித் தருதல், உரிமை

வெளியிடும் தரப்பு எழுத்து மூலம் கேட்ட 10 நாட்களுக்குள், பெறும் தரப்பு இரகசியத் தகவல் அனைத்தையும் நகல்களுடன் திருப்பித் தரவோ அழிக்கவோ வேண்டும். அழித்தால் அதை எழுத்து மூலம் உறுதி செய்ய வேண்டும். இந்த ஒப்பந்தத்தால் எந்தக் காப்புரிமையோ, வணிகக் குறியோ, வேறு அறிவுசார் சொத்துரிமையோ ஒரு தரப்பிடமிருந்து மற்றதற்கு மாறாது. மேற்கொண்டு வணிகம் செய்ய எவருக்கும் கடமை இல்லை.

7. காலம்

இந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் நீடிக்கும். அக்காலத்தில் பெறப்பட்ட ஒவ்வோர் இரகசியத் தகவல் குறித்த கடமையும், அது வெளியிடப்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுகள் நீடிக்கும்.

8. ஆளும் சட்டம்

இந்த ஒப்பந்தமும், இதிலிருந்து அல்லது இது தொடர்பாக எழும் எந்தத் தகராறும், இந்தியாவின் சட்டங்களால் ஆளப்படும். அவற்றின்படியே பொருள் கொள்ளப்படும்.

குறிப்பு: பலர் இந்த இடத்தில் '1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சட்டமும் பொருந்தும், ஆனால் அது ஒன்று மட்டும் அல்ல. தடையாணை கேட்கும்போது 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டமும் வரும். மூலம் பன்மையில் சொல்வதால் தமிழிலும் பன்மைதான்.

9. நீதிமன்ற அதிகார வரம்பு

இந்த ஒப்பந்தத்திலிருந்து அல்லது இது தொடர்பாக எழும் எந்தத் தகராறையும் விசாரிக்கும் அதிகார வரம்பு, சென்னையில் உள்ள நீதிமன்றங்களுக்கு மட்டுமே உண்டு. வேறு எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை.

குறிப்பு: 8 எந்தச் சட்டம் என்று சொல்கிறது, 9 எந்த ஊர் நீதிமன்றம் என்று சொல்கிறது. இரண்டையும் ஒரே வாக்கியமாக்கி 'சென்னைச் சட்டப்படி' என்று எழுதினால் இரண்டுமே கெட்டுவிடும்.

நீங்கள் சென்னையில், கம்பெனி பெங்களூருவில். இந்தப் பிரிவு இல்லாவிட்டால் வழக்கு அங்கேயும் போகக்கூடும். சட்டப்படி ஏற்கெனவே அதிகாரமுள்ள இரண்டு நீதிமன்றங்களில் ஒன்றை இரு தரப்பும் தேர்ந்துகொள்ளலாம். அதிகாரமே இல்லாத நீதிமன்றத்துக்குச் சம்மதத்தால் அதிகாரம் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971லேயே ஹக்கம் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. 'மட்டும்' என்ற சொல் இல்லாவிட்டாலும் தரப்பினரின் எண்ணத்தைக் கொண்டு அப்படிப் பொருள்கொள்ளலாம் என்று 2013இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் சொன்னது. அதனால் 'மட்டுமே' இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். மூலத்தில் அது இருக்கிறது. இருப்பதை வாதத்துக்கு விட்டுவைக்க எனக்கு உரிமை இல்லை.

'சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே' என்றும் எழுதவில்லை. அப்படிச் சொன்னால் நகர உரிமையியல் நீதிமன்றம் வெளியே போய்விடும். உயர் நீதிமன்றத்துக்கு 2004 முதல் மதுரையிலும் கிளை இருப்பதால், ஊரும் தெளிவாக நிற்காது. மூலம் சொல்வது சென்னையில் உள்ள நீதிமன்றங்கள், பன்மையில். எது ஏற்ற நீதிமன்றம் என்பது வழக்கின் தொகையையும் தன்மையையும் பொறுத்தது. அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

10. பரிகாரம்

மீறலுக்குப் பண ஈடு மட்டும் போதுமானதாக இல்லாமல் போகலாம் என்பதை இரு தரப்பும் ஏற்கின்றன. எனவே வெளியிடும் தரப்பு, சட்டப்படி கிடைக்கும் மற்றப் பரிகாரங்களுடன் கூடுதலாகத் தடையாணையும் கோரலாம்.

11. மொழி, அறிவிப்பு, திருத்தம்

ஆங்கிலப் பிரதியும் தமிழாக்கமும் முரண்பட்டால் ஆங்கிலப் பிரதியே மேலோங்கும். அறிவிப்புகள் முதல் பக்கத்தில் உள்ள முகவரிக்கோ மின்னஞ்சலுக்கோ எழுத்து மூலம் அனுப்பப்பட வேண்டும். இரு தரப்பும் கையொப்பமிட்ட எழுத்து மூலம் அன்றி இந்த ஒப்பந்தத்தைத் திருத்த முடியாது. ஒரு பிரிவு செல்லாது எனத் தீர்ப்பானாலும் மற்றப் பிரிவுகள் நீடிக்கும்.

குறிப்பு: முதல் பக்கத்தில் உங்கள் பெயரில் இருக்கும் மின்னஞ்சல் பழையது போலத் தெரிகிறது. 6ஆம் பிரிவின் 10 நாள் கெடு அந்த முகவரிக்கு வரும் கடிதத்தால்கூடத் தொடங்கும். அண்ணே, நீங்கள் தினமும் பார்க்கும் முகவரியைக் கையெழுத்துக்கு முன்பே ஆங்கிலப் பத்திரத்தில் மாற்றச் சொல்லுங்கள். 2.3இன் 15 நாளை 30 ஆக்கக் கேட்பதென்றால், அதையும் இந்த மாற்றத்தோடு சேர்த்துக் கேட்டுவிடலாம்.