பட்டாம்பூச்சியிலிருந்து ‘ப’ வரை: ஐந்தாம் வகுப்புக்கு ஒரு சமச்சீர் பாடம்

நேற்று கோத்தகிரி ரோட்டில் தேயிலைத் தோட்டத்து வேலியோரம், உண்ணிச்செடிப் பூவில் ஒரு பட்டாம்பூச்சி உட்கார்ந்திருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அது இறக்கையைத் தூக்கி மூடியதும் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி ஒரே இறக்கை போலத் தெரிந்தது. இன்றைய பாடம் முழுக்க அந்த மூடல்தான்.

ஒரு வெள்ளைத் தாளை நடுவில் மடித்துப் பிரியுங்கள். மடிப்புக்கு வலப்பக்கம் மட்டும் ஆரஞ்சு பெயின்ட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஓரத்தில் கொஞ்சம் கறுப்பையும் வையுங்கள். நம் மாநிலப் பட்டாம்பூச்சி தமிழ் மறவனுக்கு இந்த நிறம்தான், 2019-இல் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது தாளை மூடித் தடவி உடனே திறங்கள். மூட்டம் இறங்கும் நாளில் பெயின்ட் சீக்கிரம் காயாது, நமக்கு அது வசதிதான், ஆனால் திறந்த தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடாதீர்கள், போன வருஷம் பத்துப் பட்டாம்பூச்சிகள் ஒட்டிக்கொண்டு ஒரே பூச்சியாகிவிட்டன.

வலப்பக்கம் வைத்த சொட்டு மடிப்பிலிருந்து எத்தனை விரல் தூரமோ, இடப்பக்கமும் அதே தூரம். வேண்டுமானால் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இப்படி மடித்தால் ஒரு பாதி இன்னொரு பாதியின் மேல் அப்படியே பொருந்தினால் அந்த உருவம் சமச்சீர். மடிப்பு விழுந்த கோடு சமச்சீர் கோடு.

அடுத்தது கண்ணாடி, இரண்டு பேருக்கு ஒன்று. பட்டாம்பூச்சியின் மடிப்புக் கோட்டில் கண்ணாடியை நிமிர்த்தி வையுங்கள். தெரியும் பாதியும் கண்ணாடிக்குள் இருக்கும் பாதியும் சேர்ந்து முழுப் பூச்சி ஆகிறதா? “சார், நடுவில் இடைவெளி தெரிகிறது” என்று யாராவது சொல்வீர்கள். கண்ணாடியில் ரசம் பூசியிருப்பது பின்பக்கம், அதனால் முன்விளிம்பை அல்ல, பின்விளிம்பைக் கோட்டில் வைக்க வேண்டும்.

இனி, எல்லாரும் விழுகிற குழி. நோட்டுத் தாளை மூலைக்கு மூலை கோடு விழும்படி சாய்வாக மடித்தால் பொருந்துமா? மடிப்பதற்கு முன்னால் கையைத் தூக்கச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் பொருந்தும் என்பார்கள். மடித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் காது நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கோட்டில் வெட்டினால் கிடைப்பது இரண்டு சம முக்கோணங்கள்தான், இருந்தாலும் மடித்தால் பொருந்தவில்லை. பாதிகள் சமமாக இருந்தால் மட்டும் போதாது, ஒன்று மற்றதன் கண்ணாடி உருவமாகவும் இருக்க வேண்டும். அதே தாளைச் சதுரமாக வெட்டினால் மூலை மடிப்பும் பொருந்தும், சதுரத்துக்கு மொத்தம் நான்கு கோடுகள்.

சரி, எழுத்துக்கு வருவோம். கட்டம் போட்ட தாளில் ‘ப’ எழுதுங்கள். நடுவில் நெட்டாக ஒரு கோடு, பொருந்திவிட்டது. ‘ட’வை அப்படி நெட்டாக மடித்தால் பொருந்தாது, குறுக்காக மடித்தாலும் பொருந்தாது. விட்டுவிடாதீர்கள். இரண்டு கோட்டையும் ஒரே நீளத்தில் எழுதி, கீழ் மூலையிலிருந்து சாய்வாக மடியுங்கள். பொருந்துகிறதா! ‘ஃ’ இன்னும் பணக்காரன், மூன்று புள்ளிகளையும் சம தூரத்தில் வைத்தால் மூன்று கோடுகள்.

இங்கிலீஷ் பெரிய எழுத்துகளில் A, M, T நெட்டாக மடியும், C, D, E குறுக்காக மடியும், H, X இரண்டு விதமாகவும் மடியும். N தான் ஏமாற்றுக்காரன், பார்த்தால் அழகாக இருக்கும், எந்தப் பக்கம் மடித்தாலும் பொருந்தாது.

108 வண்டியின் முன்னால் AMBULANCE என்று திருப்பி எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் போகும் டிரைவர் தன் கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரிந்து வழிவிடுவார், கொண்டை ஊசி வளைவில் அது எவ்வளவு முக்கியம் என்று நமக்குச் சொல்லவே வேண்டாம். அப்படித் திருப்பும்போது எந்தெந்த எழுத்து மாறவே இல்லை? கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். (நான்கு இடம் கிடைக்கும், A இரண்டு முறை வருகிறது.)

வீட்டுக்கு ஒரு வேலை. ‘பாப்பா’ என்ற சொல்லை எழுத்துக்குக் கீழ் எழுத்தாக, மேலிருந்து கீழே எழுதுங்கள், துணைக்கால்களுக்கும் தனி வரிசை கொடுங்கள், அவற்றின் இரண்டு காலும் ஒரே உயரம் இருக்கட்டும், புள்ளி ‘ப’வுக்கு நேர் நடுவில். பக்கத்தில் கண்ணாடியை நிமிர்த்தி உள்ளே பாருங்கள், அதே பாப்பாதான். அப்புறம் இப்படியே ‘பட்டு’ என்று எழுதிக் கண்ணாடியில் பார்த்து, எந்த எழுத்து திரும்பிக்கொண்டது என்று நோட்டில் வரைந்து வாருங்கள்.