பணி விவரம்: மூத்த கணக்காளர், கணக்குப் பிரிவு

இடம்: திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம்
பிரிவில் மொத்தம் 12 பேர். இந்தப் பொறுப்புக்கு ஒருவர்

இது புதிதாக உருவாக்கிய பொறுப்பு. இதுவரை பில் பதிவு செய்தவரே அதைச் சரிபார்த்தும் வந்தார். இனி பதிவு ஒருவர், சரிபார்ப்பு இன்னொருவர். அந்த இன்னொருவர்தான் நமக்குத் தேவை.

பொறுப்புகள்

நேரத்தில் பாதி ஜாப் ஒர்க் பில்களுக்கே போய்விடும். சாயப்பட்டறை, பிரிண்டிங், எம்பிராய்டரி என எந்த பில் வந்தாலும் ஆர்டர், டெலிவரி சலான், திரும்பி வந்த எடை மூன்றையும் ஒத்துப் பார்த்த பிறகே பாஸ் செய்ய வேண்டும். உதாரணமாக, 500 கிலோ துணி சாயத்துக்குப் போகிறது, ஆர்டரில் ஒப்புக்கொண்ட சேதாரம் 5 சதவீதம் என்றால் 475 கிலோ திரும்ப வேண்டும். 470 வந்தால் அந்த 5 கிலோவுக்கு டெபிட் நோட் போட வேண்டும். "அடுத்த லாட்டில் சரி பண்ணிக்கலாம்" என்பதை ஏற்கக் கூடாது.

மாதாந்திர வேலை: 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்டுவது, 11க்குள் GSTR-1, 15க்குள் பிஎஃப், இஎஸ்ஐ, 20க்குள் GSTR-3B. 14ஆம் தேதி GSTR-2B வந்ததும் கொள்முதல் பதிவோடு ஒப்பிட்டு, பில் ஏற்றாத சப்ளையர்களை அன்றே போனில் பிடிக்க வேண்டும். வங்கி ஒத்திசைவு வாராவாரம் சனிக்கிழமை. ஏற்றுமதிப் பணம் வந்ததும் அது எந்த இன்வாய்ஸுக்கு உரியது என்று பொருத்துவதும் இவர் பொறுப்பே.

யாருக்குக் கீழ், யார் மேல்

கணக்கு மேலாளருக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும்; மேலாளர் நிதி இயக்குநருக்குப் பதில் சொல்வார். இவருக்குக் கீழே பில் பதிவாளர்கள் இருவர், காசாளர் ஒருவர். 25,000 ரூபாய் வரையிலான வவுச்சரை இவரே பாஸ் செய்யலாம். அதற்கு மேல் மேலாளர் கையெழுத்து வேண்டும். வங்கித் தளத்தில் பேமெண்ட் ஏற்றும் உரிமையும் ஒப்புதல் தரும் உரிமையும் ஒரே ஆளிடம் இருக்காது. இவருக்கு ஏற்றும் உரிமை மட்டும். மெர்ச்சண்டைசர் அவசரம் என்று நேரில் வந்து நின்றாலும் மேலாளர் வழியாகத்தான் பணம் போகும்.

தகுதி

பி.காம். அவசியம். ஆறு ஆண்டு அனுபவம், அதில் இரண்டாண்டாவது ஏற்றுமதி அல்லது ஜாப் ஒர்க் கணக்கில். சி.ஏ. இன்டர் முடித்திருந்தால் நல்லது, கட்டாயமில்லை. டேலி பிரைம், எக்செல் பிவட் டேபிள் கைவர வேண்டும். சப்ளையரிடம் தமிழில் கறாராகப் பேசவும், வெளிநாட்டு பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதவும் தெரிய வேண்டும். நேர்காணலில் ஒரு மாத GSTR-2B தாளும் கொள்முதல் பதிவும் கொடுப்போம். ஒரு மணி நேரத்தில் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும்.

சம்பளம், நேரம்

மாதம் 38,000 முதல் 45,000 வரை, பிஎஃப் தனி. காலை 9.30 முதல் மாலை 6.30, ஞாயிறு விடுமுறை. மார்ச் கடைசி வாரமும் ஆடிட் நாட்களும் தாமதமாகும், அதை முன்பே சொல்லிவிடுகிறோம்.